இரண்டு குவார்டெட், இரண்டு டிரிப்லெட்: கூடுதலாக வந்த எத்தில் யாருடையது?

கேள்வி: பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தை எத்தனாலோடு சேர்த்து பென்சோகெய்ன் செய்தேன். காலம் குரோமட்டோகிராபி ஓட்டி எடுத்த வெள்ளைப் பொடியை CDCl3 இல் கரைத்து 400 மெகாஹெர்ட்ஸில் புரோட்டான் என்எம்ஆர் எடுத்தால், 4.32, 4.12 என்று இரண்டு குவார்டெட், 1.37, 1.26 என்று இரண்டு டிரிப்லெட், 2.05 இல் ஒரு சிங்லெட். 7.86 ஐ 2 என்று வைத்தால் சிங்லெட்டின் பரப்பு 0.6. நைட்ரஜன் மேலும் ஒரு எத்தில் ஏறிவிட்டதா?

பதில்: இல்லை. உங்கள் பொடியில் எத்தில் அசிடேட் மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதை நீங்களே ஸ்பெக்ட்ரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த முறை வேறு கரைப்பான் இருக்கும்.

முதலில் வலது பக்கத்தை விட்டுவிட்டு இடது பக்கம் பாருங்கள். வளையப் பகுதியில் 7.86, 6.64 என்று இரண்டே டப்லெட் இருந்தால், அங்கே ஒரே ஒரு வளையச் சேர்மம்தான் இருக்கிறது. எஸ்டர் தொகுதி எலக்ட்ரானை இழுப்பதால் அதன் பக்கத்து புரோட்டான்கள் 7.86 க்குப் போகின்றன, அமினோ தொகுதி எலக்ட்ரானைத் தள்ளுவதால் அதன் பக்கத்தவை 6.64 க்கு இறங்குகின்றன. நைட்ரஜன் மேல் எத்தில் ஏறியிருந்தால் அந்தத் தள்ளுதல் சற்று மாறி 6.6 பக்கத்தில் இன்னொரு டப்லெட் தெரிந்திருக்கும், அதோடு அந்த CH2 ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜனை ஒட்டியிருப்பதால் 3.2 அருகில் வந்திருக்கும். 4.12 என்பது ஆக்சிஜனை ஒட்டிய CH2 இன் இடம். ஆக, கூடுதல் பீக்குகளுக்கு வளையமே கிடையாது.

இப்போது பிளவு. CH2 குவார்டெட்டாக வருவது பக்கத்து CH3 இன் மூன்று புரோட்டான்களால். மூன்றின் ஸ்பின்னும் மேலோ கீழோ நிற்கும் வகைகளை எண்ணினால் 1:3:3:1 என்று நான்கு கோடு. அதாவது கோடுகளின் எண்ணிக்கை பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்று சொல்கிறது, சொந்த வீட்டில் எத்தனை பேர் என்பதை இன்டெக்ரேஷன்தான் சொல்லும். பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 4.32 குவார்டெட்டில் அடுத்தடுத்த கோடுகள் 0.0178 பிபிஎம் தள்ளி இருக்கும், அதை 400 ஆல் பெருக்கினால் 7.1 ஹெர்ட்ஸ், அதுதான் J. இணைந்த இரண்டு தொகுதிகளிலும் J ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதால் பொதுவாக J ஐ வைத்தே ஜோடி சேர்ப்போம். ஆனால் இங்கே அது கைகொடுக்காது: எத்தில் எஸ்டர் எல்லாவற்றிலும் J கிட்டத்தட்ட 7 தான், இரண்டு குவார்டெட்டும் இரண்டு டிரிப்லெட்டும் ஒரே அளவில் பிளந்திருக்கும்.

அதனால் பரப்புக்கு வாருங்கள். 2.05 சிங்லெட் அசிடேட்டின் CH3, பக்கத்தில் கார்போனைல் மட்டும் இருப்பதால் பிளவில்லை. அதன் 0.6 ஐ 3 ஆல் வகுத்தால் ஒரு புரோட்டானுக்கு 0.2. இதே மூலக்கூறாக இருந்தால் 1.26 டிரிப்லெட் 0.6, 4.12 குவார்டெட் 0.4 வர வேண்டும். டிரிப்லெட் சரியாக வரும், ஆனால் குவார்டெட்டை நம்ப முடியாது, ஏனென்றால் உங்கள் NH2 4.05 சுற்றி அகலமான மேடு போல எழும்பி அதன் காலடியில் கலந்திருக்கும், இரண்டும் சேர்ந்து 2.4 என்று காட்டும். சந்தேகம் இருந்தால் குழாயில் ஒரு துளி D2O விட்டு நன்றாகக் குலுக்கி மறுபடி எடுங்கள். NH2 புரோட்டான்கள் டியூட்ரியத்தோடு மாறி மேடு போய்விடும், குவார்டெட் தனியாக நிற்கும்.

சரி, எவ்வளவு இருக்கிறது? பென்சோகெய்ன் 1 மோலுக்கு எத்தில் அசிடேட் 0.2 மோல். எடையில் 0.2 × 88.1 = 17.6, அந்தப் பக்கம் 165.2. அதாவது நீங்கள் நிறுத்த பொடியில் 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெறும் கரைப்பான், எழுதிவைத்த விளைச்சலை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்.

பொடியை டைகுளோரோமீத்தேனில் கரைத்து ரோட்டரியில் இரண்டு மூன்று முறை வற்றவிட்டு, அப்புறம் வெற்றிட பம்ப்பில் சில மணி நேரம் வையுங்கள். மறுபடி எடுக்கும்போது 2.05, 4.12, 1.26 மூன்றும் ஒரே விகிதத்தில் சேர்ந்து குறைந்தால் முடிவு உறுதி; 2.05 மட்டும் நின்றுவிட்டால் அது வேறு பொருள், அப்போது வளையப் பகுதியைப் பெரிதாக்கிச் சின்னச் சின்ன டப்லெட்டுகள் ஒளிந்திருக்கின்றனவா என்று தேடுங்கள்.