மளிகைக் கடையின் லாப சதவீதத்தை நோட்டிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மாதம் 4 லட்சத்துக்கு மேல் விற்கிறது, ஆனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. விற்பனை நோட்டும் கொள்முதல் பில்லும் இருக்கின்றன. இவற்றை வைத்து லாபம் எத்தனை சதவீதம், எவ்வளவு விற்றால் நஷ்டம் வராது என்று எப்படிப் பார்ப்பது?

பதில்:

விற்பனையிலிருந்து கொள்முதலைக் கழிக்காதீர்கள். முக்கால்வாசிக் கடைக்காரர்கள் செய்வது அதைத்தான். இந்த மாதம் வாங்கிய சரக்கு முழுவதும் இந்த மாதமே விற்றுவிடவில்லை, இந்த மாதம் விற்றதில் பாதி போன மாதம் வாங்கியதாக இருக்கலாம். விற்றுப்போன சரக்கு நமக்கு என்ன விலைக்கு விழுந்தது என்பதுதான் தெரிய வேண்டும். அதற்கு இரண்டு நோட்டு போதாது. மாத ஆரம்பத்திலும் கடைசியிலும் கடையில் இருந்த சரக்கின் மதிப்பும் வேண்டும்.

நான் கணக்குப் பார்க்கும் ஒரு மளிகைக் கடையின் ஒரு மாதத்தைச் சொல்கிறேன், எண்களை மட்டும் கொஞ்சம் முழுமையாக்கி.

முதலில் விற்பனை. கல்லாவிலும் ஜிபேயிலும் வந்தது 3,96,000. இது விற்பனை அல்ல, வரவு. இதில் 30,000 பழைய கடன் வசூல், அதைக் கழிக்க வேண்டும். அந்த மாதம் கடன் நோட்டில் ஏறியது 54,000, அதைக் கூட்ட வேண்டும். ஆக விற்பனை 4,20,000.

அடுத்து கொள்முதல். பில்களின் கூட்டுத்தொகை 3,90,000. கடைக்காரர் இதை 4,20,000-இல் கழித்து, 30,000தான் மிச்சம், வாடகை சம்பளம் கொடுத்தால் கைநஷ்டம் என்று முடிவு கட்டியிருந்தார். பில்லோடு வண்டி வாடகை, ஏற்றுக்கூலி 2,400 சேர்த்தோம். காலாவதியாகி கம்பெனிக்குத் திருப்பிய பிஸ்கட், நூடுல்ஸ் 4,000 கழித்தோம். வீட்டுக்கு எடுத்துப்போன அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிய விலையில் 7,600, அதையும் கழித்தோம். இந்த வீட்டுச் சரக்கைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் கடை அதை விற்று நஷ்டப்பட்டதுபோலக் கணக்கு காட்டும்.

மாதம் தொடங்கும்போது இருப்பு 2,80,000, முடியும்போது 2,96,000. இப்போது கூட்டலாம்: 2,80,000 + 3,90,000 + 2,400 − 4,000 − 7,600 − 2,96,000 = 3,64,800. விற்ற சரக்கின் அடக்கவிலை இதுதான். மொத்த லாபம் 55,200, விற்பனையில் 13.14 சதவீதம். அவர் நினைத்த 30,000 எங்கே, இது எங்கே!

இருப்பு எடுக்கும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: மதிப்பு போட வேண்டியது வாங்கிய விலையில், எம்ஆர்பியில் அல்ல. பாக்கெட்டில் அச்சடித்த விலையைப் பார்த்து எண்ணுவது சுலபம் என்பதால் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். இந்தக் கடையின் 2,96,000 சரக்கை விற்கும் விலையில் எழுதினால் சுமார் 3,40,000 வரும். இன்னும் விற்காத சரக்கின் லாபம் 44,000 இந்த மாதக் கணக்கில் ஏறிவிடும். 12 வாங்கினால் 1 இலவசம் மாதிரி ஸ்கீமில் வந்த சரக்கு என்றால், பில் தொகையை 13-ஆல் வகுத்து ஒன்றின் விலையைப் போடுங்கள்.

இன்னொன்று, 100 ரூபாய்க்கு வாங்கி 115-க்கு விற்றால் 15 சதவீத லாபம் என்கிறோம். அது வாங்கிய விலையின் மேல். விற்பனையின் மேல் பார்த்தால் 13.04 தான். லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கும் விற்பனையைக் காணும் சமநிலைக் கணக்குக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்.

சரி, எவ்வளவு விற்றால் நஷ்டம் வராது? செலவுகளை இரண்டாகப் பிரியுங்கள். கடை திறந்தாலும் மூடினாலும் போகிறவை: வாடகை 12,000, பையன் சம்பளம் 14,000, கரண்ட் 3,800, கடன் வட்டி 3,000, போன் முதலான சில்லறை 1,200. மொத்தம் 34,000. விற்க விற்கக் கூடுகிறவை: கவர், பை 1,680. இந்தக் கடை ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால் வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதம், அதாவது 2,520. இரண்டும் சேர்ந்து 4,200. (காம்போசிஷனில் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் கொள்முதலை வரியோடு சேர்த்தே எழுத வேண்டும். சாதாரணப் பதிவு என்றால் விற்பனை, கொள்முதல் இரண்டையும் வரி நீக்கி எழுதுங்கள்.)

55,200-இல் 4,200 போக 51,000. விற்பனையில் 12.14 சதவீதம். அதாவது 100 ரூபாய்க்கு விற்றால் 12 ரூபாய் 14 காசுதான் வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஒதுங்குகிறது. 34,000-ஐ இந்த சதவீதத்தால் வகுத்தால் 2,80,000. இதுதான் சமநிலை விற்பனை. கடை 4,20,000 விற்கிறது, எனவே தாராளமாக லாபத்தில் ஓடுகிறது என்று தோன்றும்.

ஆனால் காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை கல்லாவில் உட்காருபவருக்கு இதில் சம்பளமே இல்லை. வெளியே வேலைக்குப் போனால் அவருக்கு 20,000 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு அதையும் சேர்த்தோம். நிலைச் செலவு 54,000, சமநிலை விற்பனை சுமார் 4,44,700. இப்போது கடை மாதம் கிட்டத்தட்ட 25,000 விற்பனை குறைவாக நிற்கிறது. நாளைக்கு 14,000 விற்கும் இடத்தில் 14,800 விற்க வேண்டும். கையில் ஒன்றும் நிற்பதில்லை என்கிறீர்களே, காரணத்தில் ஒரு பாதி பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். மறு பாதி கடன் நோட்டிலும் இருப்பிலும்: இந்தக் கடையில் கொடுத்த கடன் வசூலானதைவிட 24,000 கூடுதல், இருப்பு 16,000 ஏறியிருக்கிறது. லாபம் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

விற்பனையைக் கூட்டுவதைவிட சதவீதத்தைக் கூட்டுவது சில சமயம் எளிது. பால், சர்க்கரை, எண்ணெய் எல்லாம் ஆளை வரவழைக்கும், லாபம் தராது. மசாலா, உதிரியாகக் கட்டித் தரும் பருப்பு, முந்திரி, திராட்சை போன்றவற்றில்தான் லாபம். மார்ஜின் ஒரே ஒரு புள்ளி ஏறினால், சம்பளம் சேர்த்த சமநிலையே சுமார் 4,10,900-க்கு இறங்கிவிடும். இன்றைய விற்பனையே போதும்.

பில்களை வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் வாங்கிய விலை, விற்கும் விலை வைத்து வரவேண்டிய லாபத்தையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இந்தக் கடையில் 58,200 வரவேண்டும், வந்தது 55,200. 3,000 ரூபாய் எடை குறைவு, எலி, எழுத மறந்த கடன் என்று போயிருக்கலாம். இந்த அளவு வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம். ஆனால் ஒரு மாதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கடைசி நாள் எண்ணும்போது 10,000 ரூபாய் சரக்கு விட்டுப்போனால் இந்த மாத மார்ஜின் 2.4 புள்ளி குறையும், அடுத்த மாதம் அதே அளவு ஏறும். ஒரு மாதம் இறங்கி மறுமாதம் ஏறினால் எண்ணியதில் தவறு. மூன்று மாதமும் இறங்கியே இருந்தால் சரக்கோ காசோ எங்கோ வெளியே போகிறது.