3 புள்ளி முன்னிலை, ±2 பிழை வரம்பு: முந்துவது உறுதியா?

கேள்வி: 2,400 பேரிடம் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் முதல் வேட்பாளருக்கு 42%, இரண்டாமவருக்கு 39% என்று வந்திருக்கிறது. பிழை வரம்பு ±2% என்று கீழே போட்டிருக்கிறார்கள். வித்தியாசம் 3 என்பதால் முதலாமவர் முந்துவது உறுதி என்கிறார் நண்பர். அது சரியா? இளைஞர்களிடம் மட்டும் பார்த்தால் அவர் 46–37 என்று 9 புள்ளி முந்துகிறாராம். அதை நம்பலாமா?

பதில்: உறுதி என்று சொல்ல முடியாது. முதலாமவர் முந்துவதற்கே வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். உங்கள் நண்பர் ±2 என்பதை 3 புள்ளி வித்தியாசத்தோடு ஒப்பிடுகிறார். அந்த ±2 வித்தியாசத்துக்கு உரியதே அல்ல. 42 என்ற எண்ணுக்குத் தனியாக, 39 என்ற எண்ணுக்குத் தனியாகச் சொல்லப்பட்டது அது. வித்தியாசத்துக்கான பிழை வரம்பு ஏறக்குறைய அதன் இரு மடங்கு.

முதலில் அந்த ±2 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 95% நம்பக அளவில், பாதிக்குப் பாதி பிரியக்கூடிய கேள்விக்கு, கணக்கு இவ்வளவுதான்:

```
98 / √n
```

n என்பது பதில் சொன்னவர்களின் எண்ணிக்கை. 2,400-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 49. 98-ஐ 49-ஆல் வகுத்தால் 2. மொத்த வாக்காளர்கள் 5 லட்சமா 5 கோடியா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மாதிரி, அதாவது கேட்கப்பட்டவர்களின் தொகுப்பு, மொத்தத்தில் கணிசமான பங்காக இருந்தால்தான் மொத்தத்தின் அளவு பொருட்படுத்த வேண்டியதாகிறது. 10,000 பேர் உள்ள இடத்தில் 2,400 பேரைக் கேட்டால் ±2 என்பது சுமார் ±1.7 ஆகச் சுருங்கும். லட்சங்களில் போய்விட்டால் மாற்றம் கண்ணுக்கே தெரியாது.

95% என்பதன் பொருள்: இதே முறையில், இதே அளவில் மறுபடி மறுபடி கணிப்பு எடுத்துக்கொண்டே போனால், நூற்றில் சுமார் 95 தடவை உண்மையான அளவு நாம் போடும் வரம்புக்குள் விழும். மீதி 5 தடவை வெளியே போகும், யாரும் தவறு செய்யாமலேயே.

இனி அந்த 3 புள்ளிக்கு வருவோம். சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களாக எண்ணிப் பாருங்கள். 42% என்றால் 1,008 பேர். 39% என்றால் 936 பேர். இடைவெளி 72 பேர். மாதிரி எடுத்தபோது தற்செயலாக முதலாமவரின் ஆதரவாளர்கள் 36 பேர் கூடுதலாக அகப்பட்டு, அவர்கள் இடத்தில் வந்திருக்க வேண்டிய இரண்டாமவரின் ஆதரவாளர்கள் 36 பேர் விடுபட்டிருந்தால் போதும், உண்மையில் இருவரும் சமம். 2,400 பேரில் 36 பேர் என்பது வெறும் 1.5%. ஒருவருக்குக் கூடுவது பெரும்பாலும் மற்றவரிடமிருந்து குறைவதால், ஒவ்வோர் ஆள் மாறும்போதும் இடைவெளி இரண்டு பேரால் நகர்கிறது. வரம்பு இரட்டிப்பாவதன் காரணம் இதுதான்.

சரியான கணக்கில் p₁, p₂ இருவரின் பங்குகள், தசமத்தில்:

```
196 × √( (p₁ + p₂ − (p₁ − p₂)²) / n )
```

0.42, 0.39, 2,400 என்று போட்டால் 3.6 வருகிறது. ஆக முன்னிலை 3 ± 3.6. அதாவது முதலாமவர் 6.6 புள்ளி முன்னே இருப்பதிலிருந்து 0.6 புள்ளி பின்தங்கியிருப்பது வரை எதுவும் இந்த வரம்புக்குள் அடங்கும்.

இதைப் பார்த்துவிட்டு ‘அப்படியானால் இருவரும் சமம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. உண்மையிலேயே இருவரும் சமமாக இருந்தால், முதலாமவர் 3 புள்ளியோ அதற்கு மேலோ முந்துவதுபோல் மாதிரி அமைவது இருபதில் ஒரு தடவைதான் நடக்கும். வரம்புக்குள் வந்துவிட்டால் ஒன்றுமே தெரியாது என்றும், வரம்பைத் தாண்டிவிட்டால் எல்லாம் உறுதி என்றும் நினைப்பதுதான் இந்த எண்ணை வாசிப்பதில் நடக்கும் பெரிய பிழை. எண்ணின் ஓரத்தில் கோடு கிழித்ததுபோல் எதுவும் மாறிவிடுவதில்லை.

இளைஞர் கணக்கை இன்னும் எச்சரிக்கையாகப் பாருங்கள். மேலே போட்டிருக்கும் ±2 மொத்த 2,400 பேருக்கானது. அதில் இளைஞர்கள் 300 பேர் என்று வைத்துக்கொண்டால், அவர்களுக்கான வரம்பு ±5.7. 46–37 என்ற வித்தியாசத்துக்கு மேற்சொன்ன கணக்கைப் போட்டால் 9 ± 10.3. அந்த 9 புள்ளி, பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும், மொத்தத்தில் வந்த 3 புள்ளியைவிடப் பெரிதாக உறுதியானதல்ல. வயது, பாலினம், ஊர், வருமானம் என்று பிரித்த அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்ற எண்ணைத் தேடுங்கள். 100 பேர் உள்ள கட்டத்துக்கு வரம்பு ±10-ஐ நெருங்கிவிடும். அந்த எண்ணே தரப்படவில்லை என்றால் அந்தக் கட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் எல்லா வாக்காளருக்கும் சம வாய்ப்பு கொடுத்து, குலுக்கல்போல் ஆட்களைத் தேர்ந்தெடுத்த மாதிரிக்குப் பொருந்தும். நடைமுறையில் சில பகுதிகளைத் தேர்ந்தெடுத்து அங்கே பலரைச் சேர்த்துக் கேட்பார்கள். பதில் குறைவாக வந்த பிரிவினருக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சரிக்கட்டுவார்கள். இரண்டும் தேவையான வேலைகள்தான், ஆனால் பொதுவாக இரண்டுமே வரம்பை அகலமாக்கும். இவற்றால் 2,400 பேர் தரும் துல்லியம் 1,600 பேரின் துல்லியத்துக்கு இறங்கினால் ±2 என்பது ±2.5 ஆகும், முன்னிலைக்கான வரம்பு ±4.4 ஆகும். இதைச் சேர்த்துக் கணக்கிட்டார்களா என்று செய்முறைக் குறிப்பில் பாருங்கள். சரியாக 98/√n கணக்குக்கே விடை ஒத்துப்போனால், பெரும்பாலும் சேர்க்கவில்லை என்று கொள்ளலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்பது. பிழை வரம்பு தற்செயலை மட்டும் அளக்கிறது, ஒருபக்கச் சாய்வை அளப்பதில்லை. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. சுமார் 24 லட்சம் திரும்பி வந்தன. அந்த எண்ணிக்கைக்குக் கணக்குப் போட்டால் பிழை வரம்பு 0.1 புள்ளிகூட இல்லை. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன்தான் வெல்வார் என்றது பத்திரிகை, ரூஸ்வெல்ட்டுக்குச் சுமார் 43% என்று காட்டியது. அவருக்குக் கிடைத்ததோ கிட்டத்தட்ட 61%. முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து எடுத்ததால் வசதி குறைந்தவர்கள் பலர் விடுபட்டார்கள். வந்த சீட்டிலும் ரூஸ்வெல்ட்டுக்கு எதிரானவர்களே அதிக ஆர்வத்துடன் பதில் எழுதினார்கள். இந்த வகைப் பிழை ஆட்களைக் கூட்டுவதால் குறையாது.

அதனால் உங்கள் கணிப்பில் ±2-க்குப் பக்கத்தில் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: ஆட்களை எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், அணுகியவர்களில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள், 42-ஐயும் 39-ஐயும் கூட்டியபின் மிஞ்சும் 19 சதவீதத்தில் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்றவர்கள் எவ்வளவு. இந்தக் கடைசி எண் 3-ஐத் தாண்டினாலே, வாக்குப்பதிவு நாளில் அவர்கள் எல்லோரும் இரண்டாமவர் பக்கம் சாய்ந்தால் முன்னிலை கைமாறிவிடும், கணிப்பு நூற்றுக்கு நூறு சரியாக எடுக்கப்பட்டிருந்தாலும்.