'வேண்டாம்' என்று படித்தால் மதிப்பெண் போகும்

"அண்ணா, திருச்சியிலிருந்து பினாங்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். மாதிரித் தாளில் மஸ்ட், ஹேவ் டு, ஷுட் வருகிற இடத்தில் மட்டும் தப்பு விழுகிறது. ஏன்? அப்படியே இங்கே அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு எப்படி என்றும் சொல்லுங்கள்."

தம்பி, வாடகையும் சாப்பாடும் லிட்டில் இந்தியா பக்கம் எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். மற்றதைத்தான் இங்கே தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வந்து பல வருஷம் ஆன நம் ஆட்களே "மஸ்ட் என்றால் வேண்டும், மஸ்ட் நாட் என்றால் வேண்டாம்" என்று புதிதாக வருகிறவர்களுக்கு ஓதிவிடுகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. முதல் பாதியால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டாம் பாதிதான் உன் மதிப்பெண்ணைத் தின்கிறது.

"நாளைக்கு நீ வர வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்? வந்தால் தப்பு என்றும் இருக்கலாம், வராவிட்டாலும் பரவாயில்லை என்றும் இருக்கலாம். சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இந்த இரண்டும் தனித்தனி. மஸ்ட் நாட் என்றால் 'கூடாது'. டோன்ட் ஹேவ் டு என்றால் 'வேண்டியதில்லை'. ஆகவே 'வேண்டாம்' என்ற சொல்லையே கொஞ்ச நாள் ஒதுக்கி வை. வாக்கியத்தைப் பார்த்ததும் "செய்தால் குற்றமா?" என்று கேள். குற்றம் என்றால் மஸ்ட் நாட். செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான் என்றால் டோன்ட் ஹேவ் டு.

இதற்குப் பினாங்குத் தெருவே உனக்கு உதவும். மலாய்க்காரர்கள் பேச்சில் இந்தப் பிரிவு தெளிவாக இருக்கிறது. 'தாக் போலே' என்றால் கூடாது, 'தாக் பாயா' என்றால் தேவையில்லை. கடைக்காரர் பையை நீட்டும்போது நீ 'தாக் பாயா' என்பாய், 'தாக் போலே' என்று சொல்ல மாட்டாய். கட்டாயத்துக்கு அவர்கள் சொல்கிற 'கெனா' ஹேவ் டு இருக்கிற இடத்தில் அப்படியே உட்காரும்.

இனி தேர்வுக்கு வருவோம். நீ சறுக்குவது அநேகமாக நான்காம் பகுதியில், அதாவது கொடுத்த சொல்லை வைத்து வாக்கியத்தை மாற்றி எழுதும் ஆறு கேள்விகளில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். கொடுத்த சொல்லை மாற்றாமல், அதையும் சேர்த்து இரண்டிலிருந்து ஐந்து சொற்களுக்குள் எழுத வேண்டும். ஒரு வாக்கியத்தைப் பார்:

இட் இஸ் நாட் நெசசரி ஃபார் யூ டு பிரிங் எ ஃபோட்டோ.
கொடுத்த சொல்: ஹேவ்
யூ ______ எ ஃபோட்டோ.

நெசசரி இல்லை என்றால் தேவையில்லை. கொண்டுவந்தால் குற்றம் இல்லை. ஆகவே 'டோன்ட் ஹேவ் டு பிரிங்'. இதில் 'டோன்ட்' இரண்டு சொல்லாக எண்ணப்படும், மொத்தம் சரியாக ஐந்து. இதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் எல்லை தாண்டிவிடும். 'டோன்ட் நீட் டு பிரிங்' பொருளில் சரிதான், ஆனால் ஹேவ் இல்லாததால் செல்லாது. 'மஸ்ட் நாட் பிரிங்' என்று எழுதினால் அந்தச் சொல்லும் இல்லை, பொருளும் தலைகீழ். மூல வாக்கியத்தில் 'நாட் அலவ்ட் டு' என்று இருந்தால்தான் மஸ்ட் நாட் வரும்.

மஸ்ட்டுக்கும் ஹேவ் டுவுக்கும் உள்ள நுணுக்கத்தை, ஒன்று உள்ளிருந்து வரும் கட்டாயம், மற்றது வெளியிலிருந்து வரும் கட்டாயம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். இந்தத் தாளுக்கு அதில் அதிக நேரம் போடாதே.

இறந்த காலத்தில்தான் அடுத்த பள்ளம். "அவன் நேற்று வங்கிக்குப் போயிருக்க வேண்டும்." இதற்கும் தமிழில் இரண்டு பொருள். பின்னால் "ஆனால் போகவில்லை" என்று சேர்த்துப் பார். பொருந்தினால் ஷுட் ஹேவ் கான். "அதனால்தான் ஆளைக் காணோம்" என்பது பொருந்தினால் அது ஊகம், மஸ்ட் ஹேவ் கான். வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது தவறு என்று வாக்கியம் வந்தால், 'போட்டிருக்கக் கூடாது', ஆகவே 'ஷுட் நாட் ஹேவ் சைன்ட்'. 'கூடாது' என்றதும் இங்கேயும் கை மஸ்ட் நாட்டுக்குப் போகும், விடாதே. நடந்து முடிந்ததைக் குறை சொல்ல மஸ்ட் நாட் உதவாது.

கட்டாயம் உண்மையிலேயே நேற்று இருந்து, செய்தும் முடித்தாயிற்று என்றால் தமிழில் 'நடக்க வேண்டியிருந்தது' என்போம். அந்த 'வேண்டியிருந்தது' வந்த இடத்திலெல்லாம் ஹேட் டு போடு. மஸ்ட்டுக்கு அந்தப் பொருளில் இறந்த கால வடிவமே கிடையாது.