காலைல வருது, அந்த நேரத்துல போயிடுது

கேள்வி: டாக்டர், வயசு 31, கல்யாணமாகி எட்டு மாசம். காலைல விறைப்பு நல்லா இருக்கு, தனியா இருக்கும்போதும் பிரச்னை இல்ல. மனைவியோட சேரப்போற நேரத்துல மட்டும் தளர்ந்துடுது. யூராலஜிஸ்ட்ட போகவா?

பதில்: நீங்க மொதல்ல பாக்க வேண்டியது செக்ஸ் தெரபிஸ்ட்டத்தான். காலைலயும் தனியாவும் நல்லா வருதுன்னா ரத்தக்குழாய், நரம்புல பெரிய கோளாறு இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. பயம் வந்தா அட்ரினலின் ஏறும், அது ஆணுறுப்புக்குள்ள இருக்குற தசைய இறுக்கி ரத்தத்த உள்ள விடாது. அதாவது "நிக்குதா நிக்குதா"ன்னு நீங்க உள்ளுக்குள்ள எட்டிப் பாக்குறதுதான் அத அணைக்குது.

எங்கிட்ட வந்த ஒருத்தருக்கும் இதே கதைதான். ஒருநாள் அசதில சரியா வரல, அன்னைலேர்ந்து பயம். சிபிடின்னு, பயத்தக் கிளப்புற நெனப்ப கண்டுபிடிச்சு மாத்துற பேச்சு சிகிச்சை உண்டு, அதுல மொத வேலையா அந்த நேரத்துல மனசுல ஓடுறத அப்படியே எழுதச் சொன்னேன், "இன்னிக்கும் தளர்ந்தா அவ என்ன ஆம்பளையாவே மதிக்க மாட்டா"ன்னு எழுதிட்டு வந்தார். சரி, அவங்ககிட்டயே கேளுங்கன்னேன். கேட்டா, அந்தம்மா இத்தன நாளா "என்ன இவருக்குப் பிடிக்கலயோ"ன்னு தனியா அழுதிட்டு இருந்திருக்காங்க!

அப்புறம் ரெண்டு வாரம் உடலுறவே கூடாதுன்னு ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன். வாரத்துல மூணு நாள், இருபது நிமிஷம், முதுகு, கை, கால்னு மாத்தி மாத்தி தொடுறது மட்டும், மார்பு, பிறப்புறுப்பு பக்கம் போகக்கூடாது. மைண்ட்ஃபுல்னஸ் இங்கதான் வருது, தோல்ல படுற சூடு, அழுத்தம் இதுல கவனத்த வைக்கணும், மனசு கீழ செக் பண்ண ஓடினா, ஓடுதுன்னு தெரிஞ்சுகிட்டு திருப்பி கைக்கு கொண்டுவரணும், அவ்ளோதான். அடுத்த கட்டத்துல பிறப்புறுப்பையும் தொடலாம், ஆனா விறைப்பு வந்ததும் நிறுத்தி வேணும்னே தளர விட்டுட்டு மறுபடி தொடணும். போனது திரும்பி வருதுன்னு ரெண்டு மூணு தடவ கண்ணால பாத்தப்புறம்தான் அவருக்கு பயம் விட்டுச்சு.

நெறைய பேர் கோட்டை விடுறது எங்கன்னா, மூணாவது நாளே "நல்லா வந்துச்சே"ன்னு ரூல மீறிடுவாங்க, இல்லன்னா மைண்ட்ஃபுல்னஸையே இன்னொரு பரீட்சையா ஆக்கி "ரிலாக்ஸ் ஆயிட்டேனா, இப்ப வருமா"ன்னு பாப்பாங்க. அதனால செக்ஸுக்கு சம்பந்தமே இல்லாம, குளிக்கும்போது தண்ணி படுறத கவனிக்கிற மாதிரி தெனமும் பத்து நிமிஷம் பழகுங்க.

காலை விறைப்பும் மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சா, சுகர், பிபி, சிகரெட் இருந்தா, உறுப்பு வளைஞ்சு வலிச்சா, அப்ப யூராலஜிஸ்ட்டதான் மொதல்ல பாக்கணும். புது மாத்திரை ஆரம்பிச்சப்புறம் வந்துச்சுன்னா அத எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. விறைப்பு மாத்திரை கொஞ்ச நாளைக்கு தெரபியோட சேத்து கொடுக்குறது உண்டு, தப்பில்ல. ஆனா நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுக்குறவங்க தொடவே கூடாது, பிபி அபாயமா இறங்கிடும்.

மொத சிட்டிங்குக்கே மனைவியையும் கூட்டிட்டுப் போங்க, தொடுற பயிற்சி அவங்களுக்கும் சேத்துதான்.