பெயரை மாற்றினாலும் பொருந்தும் கடிதம்

கேள்வி: இந்த ஆண்டுதான் பட்டப்படிப்பை முடித்தேன். கவர் லெட்டரில் "நான் கடின உழைப்பாளி, புதியவற்றை விரைவில் கற்றுக்கொள்வேன், குழுவோடு இணைந்து பணியாற்றுவேன்" என்று எழுதுகிறேன். பொதுப்படையாக இருக்கிறது என்கிறார்கள். வேலை அனுபவமே இல்லாத நான் வேறு என்ன எழுத முடியும்?
– ஒரு வாசகி

பதில்: அந்தக் கடிதத்தில் உங்கள் பெயரை அடித்துவிட்டு வகுப்புத் தோழி ஒருவரின் பெயரை எழுதிப் பாருங்கள்; வேறு ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிராது. நல்ல குணங்களை எவரும் தமக்கு உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் செய்த செயல் செய்தவருக்கே உரியது. சம்பளம் வாங்கிய வேலை மட்டுமே அனுபவம் என்று எண்ணுவதால், புதிய பட்டதாரிகள் பலர் தாம் செய்தவற்றை விட்டுவிட்டுத் தம்மைப் பற்றிய அபிப்பிராயத்தை எழுதிவிடுகிறார்கள்.

அண்மையில் ஓர் இளைஞரின் கடிதத்தைத் திருத்த உதவினேன். "ஒழுங்கமைக்கும் திறன் மிக்கவன்" என்று அதில் இருந்தது. எதை ஒழுங்குபடுத்தினீர்கள் என்று கேட்டபோது, கல்லூரி ஆய்வகத்தின் இரவல் நோட்டை எக்ஸெலுக்கு மாற்றியதை, அது ஒரு பொருட்டே அல்ல என்பதுபோல் சொன்னார். முன்பு என்ன சிக்கல் இருந்தது, பிறகு என்ன மாறியது என்று கேட்கக் கேட்க, அந்த ஒரு வரி இப்படி விரிந்தது: "ஆய்வகத்தின் 140 கருவிகளுக்கான இரவல் பதிவை எக்ஸெலுக்கு மாற்றி, தவணை கடந்தவை தனி நிறத்தில் தெரியும்படி அமைத்தேன். யாரிடம் இருக்கின்றன என்றே தெரியாதிருந்த 11 கருவிகளில் 9 அந்தப் பருவம் முடிவதற்குள் திரும்பி வந்தன."

"திறன்" என்ற சொல்லே இதில் இல்லை. ஆனாலும் படிப்பவர் அதைத் தாமாகவே உணர்ந்துகொள்கிறார். 11 என்ற தொடக்க நிலையைச் சொல்லாமல் 9 என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இருந்திராது. இந்த வரியை முதலில் அவர் "அமைத்தோம்" என்றுதான் எழுதியிருந்தார். கருவிகளை எண்ணிக் கொடுத்தவர் நண்பர், தாளை வடிவமைத்தவர் இவர் என்று தெரிந்த பிறகே "அமைத்தேன்" என்று திருத்தினோம்.

எண் கிடைக்காவிட்டால் உத்தேசமாக ஒரு சதவீதத்தைப் போட்டுவிடாதீர்கள்; எப்படி அளந்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டால் பதில் இராது. நீங்கள் தயாரித்த ஒன்றை அடுத்த ஆண்டு மாணவர்களும் பயன்படுத்துகிறார்கள் என்றால், அதுவும் போதுமான சான்றுதான்.

எல்லாவற்றையும் கடிதத்தில் திணிக்க வேண்டியதில்லை. வேலை விளம்பரம் முதன்மையாகக் கேட்கும் இரண்டு தகுதிகளை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்வை மூன்று நான்கு வரிகளில் எழுதுங்கள். மற்றவை ரெஸ்யூமேயில் இருக்கட்டும். "விரைவில் கற்றுக்கொள்வேன்" என்ற உங்கள் வரியிலிருந்தே தொடங்கலாம்: கடைசியாக எதைக் கற்றீர்கள், எத்தனை வாரங்களில் கற்றீர்கள், அதைக்கொண்டு எதைச் செய்து முடித்தீர்கள் என்று எழுதிவிட்டு, அந்தப் பழைய வரியை நீக்கிவிடுங்கள்.