தீபாவளி ஏன் தாவுகிறது, ரம்ஜான் ஏன் நகர்ந்துகொண்டே போகிறது?

"கோவையில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறேன். தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. ஆனால் 2026-ல் திடீரென்று நவம்பர் 8 என்று காலண்டரில் போட்டிருக்கிறது. ரம்ஜானோ வருஷா வருஷம் முன்னால்தான் வருகிறது. 2024-ல் பாலக்காட்டு வாடிக்கையாளர்கள் புதன்கிழமையே பெருநாள் கொண்டாடிவிட்டார்கள், இங்கே வியாழன். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வேறு நிலாவா? இதையெல்லாம் யார் எப்படி முடிவு செய்கிறார்கள், நான் எவ்வளவு முன்கூட்டித் தெரிந்துகொள்ளலாம்?"

தீபாவளித் தேதியைப் பல வருஷங்களுக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். ரம்ஜானை ஒரு நாள் முன்பின்னாகச் சொல்லலாம். அந்த ஒரு நாளிலும் எந்த வருஷம் சந்தேகம் வரும், எந்த வருஷம் வராது என்பதை நீங்களே கணித்துக்கொள்ள முடியும்.

ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம். பன்னிரண்டு அமாவாசைக்கு 354 நாள்தான் ஆகும். ஆங்கில வருஷம் 365. குறைகிற 11 நாள்தான் எல்லாவற்றுக்கும் மூலம். உங்கள் தேதிகளையே எண்ணிப் பாருங்கள். 2023 நவம்பர் 12-லிருந்து 2024 அக்டோபர் 31 வரை சரியாக 354 நாள். அங்கிருந்து 2025 அக்டோபர் 20 வரை மறுபடியும் 354. ஆக, தீபாவளியும் ரம்ஜானைப் போலவே வருஷத்துக்கு 11 நாள் முன்னால்தான் வந்துகொண்டிருந்தது.

இஸ்லாமிய நாள்காட்டி இந்த 11 நாளைச் சரிக்கட்டுவதில்லை. பன்னிரண்டு பிறை முடிந்தால் வருஷம் முடிந்தது. அதனால் நோன்பு மாதம் கோடை, மழை, பனி என்று எல்லாப் பருவத்தையும் சுற்றி, ஏறக்குறைய 33 வருஷத்தில் கிளம்பிய இடத்துக்கே வருகிறது. தீபாவளிக்கு அப்படிச் சுற்ற வழியில்லை, அது ஐப்பசியோடு கட்டப்பட்டது. நம் தமிழ் மாதங்கள் சூரியனை வைத்து வருபவை. சூரியன் துலா ராசிக்குள் நுழைந்தால் ஐப்பசி பிறக்கும், அக்டோபர் 17, 18 வாக்கில். அந்த ஐப்பசியில் வரும் அமாவாசைக்கு முந்தைய சதுர்த்தசிதான் தீபாவளி.

2025-ல் தீபாவளி ஐப்பசி 3. அடுத்த வருஷமும் 11 நாள் முன்னால் வந்தால் என்ன ஆகும்? அந்த அமாவாசை 2026 அக்டோபர் 10-ல் விழுகிறது. அன்று இன்னும் புரட்டாசி. புரட்டாசி அமாவாசை என்றால் மகாளயம், பித்ருக்களுக்குத் தர்ப்பணம் கொடுக்கும் நாள். தீபாவளி ஐப்பசி அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டும், அது நவம்பர் 9-ல் முடிகிறது. அதனால்தான் தீபாவளி நவம்பர் 8. 2025 அக்டோபர் 20-லிருந்து எண்ணினால் 384 நாள், பதின்மூன்று அமாவாசைக் கணக்கு. அந்த உபரி அமாவாசை எங்கே நுழைந்தது என்று பஞ்சாங்கத்தில் தேடினால் வைகாசியில் கிடைக்கும். 2026 வைகாசிக்கு இரண்டு அமாவாசை, மே நடுவில் ஒன்று, ஜூன் நடுவில் ஒன்று. இப்படிப்பட்ட மாதத்தைத்தான் மல மாதம் என்று சொல்லிச் சுபகாரியம் தவிர்ப்பார்கள். 19 வருஷத்தில் ஏழு முறை இப்படி ஓர் உபரி அமாவாசை வந்து தீபாவளியைப் பின்னால் தள்ளிவிடும். அடுத்து 2027-ல் பழையபடி முன்னால் நகர்ந்து அக்டோபர் கடைசி வாரத்துக்கு வந்துவிடும். கொள்முதலை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் தெரிந்த பிறகு நாளைத் தீர்மானிப்பது திதி. சந்திரன் சூரியனைவிட 12 பாகை முன்னேற எடுக்கும் நேரமே ஒரு திதி. சந்திரனின் வேகம் கூடிக் குறைவதால் திதியும் ஏறக்குறைய 19 மணிக்கும் 26 மணிக்கும் இடையில் நீண்டு சுருங்கும். அது நடு இரவில் தொடங்கும், நண்பகலிலும் முடியும். அதனால் ஒவ்வொரு பண்டிகைக்கும் 'இந்த வேளையில் இந்தத் திதி இருக்க வேண்டும்' என்று ஒரு விதி உண்டு. நம் தீபாவளிக்கு அந்த வேளை விடியற்காலை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நேரம். 2026-ல் சதுர்த்தசி நவம்பர் 7 முற்பகலில் தொடங்கி 8 முற்பகலில் முடிகிறது. அது ஆட்சி செய்கிற ஒரே விடியற்காலை 8-ஆம் தேதியுடையது, எனவே குழப்பமே இல்லை.

குழப்பம் எப்போது வரும் என்பதற்கு 2024 நல்ல உதாரணம். அக்டோபர் 31 பிற்பகல் வரை சதுர்த்தசி இருந்ததால் நமக்கு 31 என்பதில் சந்தேகமில்லை. வட இந்தியாவில் தீபாவளி என்பது அமாவாசை மாலையில் செய்யும் லட்சுமி பூஜை. அமாவாசை 31 பிற்பகலில் தொடங்கி நவம்பர் 1 மாலை சூரியன் மறைகிற வேளையை ஒட்டி முடிந்தது. இரண்டு மாலையையும் அது தொட்டதால் 31-ஆ 1-ஆ என்று அங்கே பெரிய விவாதம். திதி முடியும் நேரம் பண்டிகைக்குரிய வேளைக்கு அருகில் விழுந்தால்தான் இந்தச் சிக்கல். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடிவில் சில நாழிகை வித்தியாசம் இருக்கும். அதுவும் இப்படிப்பட்ட வருஷங்களில் மட்டுமே தேதியை மாற்றும். உங்கள் காலண்டரில் திதி முடிவு விடியற்காலையிலிருந்து நான்கைந்து மணி நேரம் தள்ளி இருந்தால் கவலையில்லாமல் ஆர்டர் கொடுக்கலாம்.

இப்போது ரம்ஜானுக்கு வருவோம். இங்கே கேட்கப்படும் கேள்வியே வேறு. பஞ்சாங்கம் கேட்பது 'சந்திரன் எங்கே இருக்கிறது' என்பதை, அதைக் கணக்கு துல்லியமாகச் சொல்லும். நம் பகுதியில் பெரும்பாலான ஜமாஅத்துகள் பின்பற்றும் முறை கேட்பது 'பிறை கண்ணுக்குத் தெரிந்ததா' என்பதை. நோன்பு 29 முடிந்த மாலையில் மேற்கே பார்க்க வேண்டும். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் 30 நோன்பைப் பூர்த்தி செய்துவிட்டு அதற்கு மறுநாள். இஸ்லாமிய மாதத்துக்கு 31-ஆம் நாள் கிடையாது என்பதால் சந்தேகம் ஒரு நாளைத் தாண்டாது.

நீங்கள் சொன்ன 2024-ஐ எடுத்துக்கொள்வோம். தமிழகத்திலும் கேரளத்திலும் நோன்பு ஒன்றாகவே மார்ச் 12-ல் தொடங்கியது. 29-ஆம் நோன்பு ஏப்ரல் 9. அதற்கு முந்தைய இரவு, நம் நேரப்படி 11.51-க்கு அமாவாசைச் சங்கமம். அதே வேளையில் அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. சந்திரன் சூரியனுக்கு நேரே வந்தது என்பதற்கு அதைவிடக் கண்ணெதிர்ச் சாட்சி வேண்டியதில்லை. மறுநாள் மாலை சுமார் 6.30-க்குச் சூரியன் மறைந்தபோது பிறையின் வயது பதினெட்டே முக்கால் மணி நேரம் போல. சூரியனை விட்டு ஏறக்குறைய 10 பாகை விலகியிருந்தது. சூரியன் மறைந்து அரை மணிக்கு மேல் வானத்தில் நின்றது.

இந்த எண்கள்தான் முக்கியம். விலகல் 7 பாகைக்குக் கீழே இருந்தால் பிறையே உருவாகாது எனலாம். வயது 12 மணிக்குக் குறைவு என்றால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. 24 மணியைத் தாண்டினால் மேகம் மறைக்காதவரை பெரும்பாலும் தெரிந்துவிடும். பதினெட்டே முக்கால் இரண்டுக்கும் நடுவே. இந்த வயதுப் பிறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளுத்த செம்மைக்குள் ஒரு நூலிழை, நம் ஊரில் மார்ச், ஏப்ரலில் தோணி போல மல்லாந்து கிடக்கும். ஒரு துண்டு மேகமோ அடிவானத்துத் தூசியோ போதும், காணாமல் போய்விடும். சூரியன் மறைந்து கால் மணி கழித்துத்தான் வானம் போதுமான அளவு மங்கும், அதற்குள் பிறையும் கீழே இறங்கிவிடும். பத்து நிமிஷம்தான் அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று கேரளத்தில் பிறை கண்டதாகச் சாட்சி வந்தது, அங்குள்ள காஜிகள் ஏற்றுப் புதன்கிழமை என்று அறிவித்தார்கள். தமிழகத்தில் பிறை தென்படவில்லை என்று வியாழக்கிழமை அறிவிக்கப்பட்டது. நிலா ஒன்றுதான். யாருடைய சாட்சியை எந்த எல்லைக்குள் ஏற்பது என்பதில்தான் வேறுபாடு. தமிழகத்துக்கு அரசின் தலைமை காஜி அறிவிக்கிறார், அவர் முன்வரும் சாட்சிகளை வைத்து. கேரளத்துக் காஜிகளுக்கு அவர்கள் பகுதிச் சாட்சி. எல்லைக்கோடு வாளையாறில் விழுவதால் பாலக்காடு ஒரு பக்கம், கோவை மறுபக்கம். இவற்றோடு, உலகில் எங்கே பிறை தெரிந்தாலும் ஏற்பவர்களும், கணக்கை மட்டுமே வைத்து நாள் குறிப்பவர்களும் இங்கே உண்டு. ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் தொழுகை நடப்பது அதனால்தான். பகுதிச் சாட்சியை வைக்கும் முறையை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்குப்படி பிறை இருக்கவே முடியாத மாலையில் வரும் சாட்சியை நிராகரிக்கக் கணக்கைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேரளக் கடற்கரை மேற்கே பார்த்தது, பிறை தேடுபவர் முன்னால் கடல்விளிம்பு தடையின்றி விரிந்து கிடக்கும். தமிழகக் கடற்கரையின் பெரும்பகுதி கிழக்கே பார்த்தது. கோவையில் மேற்கே மலை. கீழ் வானத்தில் சில நிமிஷம் நிற்கும் பிறைக்கு இது சின்ன விஷயமில்லை.

உங்களுக்கு வேண்டியது 2027. அமாவாசைச் சங்கமம் பிப்ரவரி 6 இரவு 9.26. மறுநாள் மாலை பிறையின் வயது 21 மணி நேரம், தெரியலாம், தவறியும் போகலாம். ஆகவே நோன்பு பிப்ரவரி 8-லோ 9-லோ தொடங்கும். இரண்டு மாநிலமும் மறுபடி பிரிய வாய்ப்புண்டு. அடுத்த சங்கமம் மார்ச் 8 பிற்பகல் 2.59. அன்று மாலை வயது மூன்றரை மணி நேரம்தான், யாரும் பார்க்க முடியாது. மார்ச் 9 மாலை 27 மணி நேரத்தைத் தாண்டிவிடும். பிப்ரவரி 8-ல் தொடங்கியவர்களுக்கு அன்றோடு 30 நோன்பு முடிகிறது. 9-ல் தொடங்கியவர்களுக்கு அது 29-ஆம் மாலை, பிறையும் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கும். தொடக்கம் பிரிந்தாலும் பெருநாள் இரு பக்கமும் மார்ச் 10 புதன்கிழமையில் சேர்ந்துவிடும். வானம் முழுக்க மேகம் மூடி, 9-ல் தொடங்கியவர்களுக்குப் பிறையே தென்படாமல் போனால் மட்டும் அவர்களுக்கு 11. பாலக்காட்டுச் சரக்கை 2027-ல் தனியாக முன்கூட்டி அனுப்ப வேண்டியதில்லை, மார்ச் 8-க்குள் இரண்டு ஊருக்கும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.