வெட்டிய இடத்தில் வீடு காணாமல் போகிறது

அன்புள்ள அண்ணா,

எங்கள் பாட்டி அப்பளம் இட்டுக்கொண்டே பழைய கதைகள் பேசுவதை வீடியோ எடுத்து எடிட் செய்துகொண்டிருக்கிறேன். பேச்சை வெட்டி ஒட்டிய இடங்களிலெல்லாம் சத்தம் சட்டென்று செத்துப்போகிறது. பின்னணி இசை போட்டால் பாட்டியின் குரல் அமுங்குகிறது. சவுண்ட் எஃபெக்ட் ஏதாவது சேர்க்கலாமா?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

முதலில் அந்த இசையை எடுத்துவிடுங்கள். அங்கே குறைவது பாட்டி வீட்டின் சத்தம். அவர் பேசும்போது பின்னால் மின்விசிறியும் தெருவும் சேர்ந்து ஒரு மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது இருக்கும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். டைம்லைனில் இரண்டு க்ளிப்புகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டால் ஒலி பூஜ்ஜியமாகிவிடும், அப்படி ஒரு மௌனம் எந்த வீட்டிலும் கிடையாது, அதனால்தான் ஸ்பீக்கர் நின்றுவிட்டதோ என்று காது திடுக்கிடுகிறது.

இதற்காகத்தான் படமெடுக்கும் இடத்தில் எல்லாரையும் ஒரு நிமிடம் சும்மா இருக்கச் சொல்லி அந்த அறையை மட்டும் பதிவு செய்வார்கள். ரூம் டோன் என்று பெயர். முடிந்தால் இப்போதும் போய் எடுத்துவிடுங்கள்: அதே மைக், அதே இடத்தில், அதே லெவலில், பேட்டி எடுத்த அதே வேளையில், மின்விசிறியும் அதே வேகத்தில் ஓடவேண்டும். போக முடியாவிட்டால் உங்களிடம் இருக்கும் பதிவிலேயே தேடுங்கள். நீங்கள் கேள்வி கேட்டு முடித்ததும் பாட்டி யோசிக்கும் இரண்டு மூன்று விநாடிகள் இருக்கும் அல்லவா, அவற்றைப் பொறுக்கி ஒவ்வொரு ஒட்டிலும் ஒன்று மெல்லக் குறைய அடுத்தது மெல்ல ஏறும்படி சின்னதாக ஒரு கிராஸ்ஃபேட் வைத்துக் கோர்த்தால் இருபது விநாடியாவது தேறும். நான் ஒருமுறை ஆறு விநாடித் துண்டு ஒன்றையே திரும்பத் திரும்ப ஒட்டினேன், அதில் ஒரு காக்கை கத்தியிருந்தது, படம் முழுக்க ஆறு விநாடிக்கு ஒருமுறை அதே காக்கை அதே மாதிரி கத்தியது. காக்கை, ஹாரன், குக்கர் விசில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் கோர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இதை இடைவெளிகளில் மட்டும் அடைக்காதீர்கள். தனி ட்ராக்கில், அந்தக் காட்சி தொடங்குவதிலிருந்து முடிவதுவரை பேச்சுக்கு அடியில் ஒரே நீளமாக ஓடவிடுங்கள். ஒரு க்ளிப்பில் மின்விசிறி ஓடி அடுத்ததில் நின்றிருந்தால், விசிறி இரைச்சல் உள்ள டோனையே இரண்டுக்கும் அடியில் போட்டால் ஓரளவு சமமாகிவிடும். ஹெட்போனில், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வெட்டு எங்கே என்று தெரிந்தால் டோன் போதவில்லை, பாட்டி பேசும்போதே டோன் தனியாகக் கேட்டால் அதிகம். நாய்ஸ் ரிடக்‌ஷனை அழுத்திப் போட்டிருந்தால் அதையும் குறையுங்கள், வார்த்தைகளுக்கு நடுவே வீட்டை அழிப்பது பல நேரம் அதுதான்.

சவுண்ட் எஃபெக்ட் கடைசியில்தான். இணையத்திலிருந்து எதுவும் எடுக்க வேண்டாம். அப்பளக் குழவி பலகையில் உருளும் சத்தத்தை மைக்கைக் கிட்டே வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். பாட்டி ஒரு கதையை முடித்து அடுத்த காட்சி வருவதற்கு அரை விநாடி முன்னாலேயே அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கட்டும், அப்புறம் கைகள் தெரியட்டும்.